குண்டலகேசியின் முடி: ஒரு பழங்கதையின் நிகழ்வு ஆய்வு

ஐம்பெருங்காப்பியங்கள் எவை என்று பள்ளியில் ஐந்து பெயர்களை ஒப்பித்தவர்களுக்குக் குண்டலகேசி என்ற பெயர் நினைவிருக்கும். கதை நினைவிருக்க வாய்ப்பு குறைவு. நாதகுத்தனார் பாடிய அந்தப் பௌத்தக் காப்பியம் தொலைந்துபோய்விட்டது. 19 பாடல்கள்தாம் கிடைத்திருக்கின்றன. ஆனால் கதை பிழைத்துக்கொண்டது. அதை மறுத்து எழுந்த சமண நூலான நீலகேசியின் உரையில் தமிழ் வடிவம் இருக்கிறது. பாலி மொழிப் பௌத்த உரைகளில் இன்னும் விரிவாகவே இருக்கிறது.

காப்பியம் என்ற பெரிய பெயரை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால், இது ஒரு சிறுகதை. ஒரு பெண்ணின் மணவாழ்க்கை ஒரே நாளில் முடிகிறது. அதற்குப் பிறகு அவள் தலைமுடியை இழக்கிறாள், அவளே கேட்டு இழக்கிறாள். இன்று எழுதப்படும் கதைகளிலும் இதே திருப்பத்தை அடிக்கடி பார்க்கிறோம்: விவாகரத்து, மரணம், ஊர் மாற்றம், அப்புறம் கண்ணாடி முன் ஒரு கத்தரிக்கோல். பல கதைகளில் முடி விழுந்ததும் கதையும் முடிந்துவிடுகிறது. குண்டலகேசி கதையில் முடி விழுவது நடுவில். அதற்குப் பிறகு நடப்பதுதான் என்னை இந்தக் கதையிடம் திரும்பத் திரும்ப வரவைக்கிறது. ஆகவே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: இந்தக் கதையில் முடி என்ன வேலை செய்கிறது?

நடந்தது

பௌத்தப் பிக்குணிகள் பாடிய பாடல்களின் பாலித் தொகுப்பான தேரிகாதைக்குத் தம்மபாலர் எழுதிய உரையில் வரும் வடிவம் இது. இராசகிருகத்துச் செல்வர் ஒருவரின் மகள் பத்தா. அரசனின் புரோகிதர் மகன் சத்துகன் திருடனாகிவிட்டான். கையும் களவுமாகப் பிடிபட்டு, அவனைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மாளிகைச் சாளரத்தில் நின்று பார்த்த பத்தா, இவன் கிடைக்காவிட்டால் செத்துப்போவேன் என்று படுக்கையில் விழுகிறாள். தந்தை காவலர்களுக்குக் கைக்கூலி கொடுத்து அவனை மீட்டு, நறுநீரில் குளிப்பாட்டி, அணிகலன் பூட்டி மகளிடம் சேர்க்கிறார்.

சில நாளிலேயே சத்துகனுக்கு அவள் நகைமேல் கண் போகிறது. பிடிபட்ட அன்று திருடர் மலைத் தெய்வத்துக்கு ஒரு படையல் நேர்ந்துகொண்டேன், அதைச் செலுத்த வேண்டும் என்கிறான். திருடர்களைத் தள்ளிக் கொல்லும் செங்குத்துப் பாறை அது. பத்தா எல்லா நகையையும் அணிந்துகொண்டு படையலோடு புறப்படுகிறாள். அடிவாரத்தில் உடன் வந்தவர்களை அவன் திருப்பி அனுப்பிவிடுகிறான். மேலே போனதும் மேலாடையைக் கழற்றி அதில் நகைகளை மூட்டையாகக் கட்டு என்கிறான். நான் என்ன குற்றம் செய்தேன் என்று கேட்கிறாள். உன் நகைக்காகத்தான் வந்தேன் என்கிறான். இந்த நகை யாருடையது, நான் யாருடையவள், எல்லாமே உங்களுடையதுதானே என்கிறாள். அந்தப் பிரிவெல்லாம் எனக்குத் தெரியாது என்பது அவன் பதில்.

சரி, இந்த நகைகளோடேயே ஒருமுறை உங்களைத் தழுவிக்கொள்கிறேன் என்று கேட்கிறாள். முன்னால் தழுவுகிறாள். பின்னால் தழுவுவதுபோல் போய்த் தள்ளிவிடுகிறாள். மலையில் உறையும் தெய்வம் இதைப் பார்த்துப் பாடுகிறது: எல்லா இடத்திலும் ஆணே அறிவாளி இல்லை, கூர்ந்து பார்க்கத் தெரிந்த பெண்ணும் அறிவாளிதான்.

அதன் பிறகு பத்தா வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் சமணத் துறவியரிடம் போய்த் துறவு கேட்கிறாள். எந்த வகைத் துறவு வேண்டும் என்று கேட்கிறார்கள். உங்கள் துறவில் எது மிக உயர்ந்ததோ அதைத் தாருங்கள் என்கிறாள். அப்படியானால் சரி என்று பனைச் சீப்பால் அவள் முடியைப் பறித்துவிடுகிறார்கள். பிறகு முடி மறுபடி வளர்கிறது, வளையம் வளையமாக. அதனால் குண்டலகேசி என்ற பெயர் வருகிறது.

வீட்டுக்கு ஏன் போகவில்லை

மலைக்கும் துறவியர் இருப்பிடத்துக்கும் நடுவில் உள்ள சில வரிகளை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். தம்மபாலர் உரை இந்த இடத்தைச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறது. புத்தரின் அறவுரைப் பாடல்களான தம்மபதத்தின் உரையும் இதே கதையைச் சொல்கிறது, அது அவள் மனத்துக்குள் போகிறது. வீட்டுக்குப் போனால் கணவன் எங்கே என்று கேட்பார்கள். கொன்றுவிட்டேன் என்றால், ஆயிரம் கொடுத்து மீட்டு வாங்கிக் கொடுத்தவனை இப்போது கொன்றுவிட்டாயா என்று சொல்லாலேயே குத்துவார்கள். நகைக்காக என்னைக் கொல்லப் பார்த்தான் என்றால் நம்பமாட்டார்கள். ஆகவே வீடு வேண்டாம். நகைகளை அங்கேயே எறிந்துவிட்டுக் காட்டுக்குள் நடக்கிறாள்.

கணவன் செத்ததற்கு அவள் அழுததாக இங்கே ஒரு சொல்கூட இல்லை. பெற்றோர்மேல் கோபமும் இல்லை. தன் பேச்சை யாரும் நம்பப்போவதில்லை என்பதை மட்டும் அவள் கணக்குப் பார்க்கிறாள், அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கிறது. அடம்பிடித்துக் கேட்டு வாங்கிய கல்யாணம் தப்பாகப் போனால், பிறந்த வீட்டு வாசலில் அந்தப் பெண் என்ன கேட்க நேரும் என்பது நம் குடும்பங்களில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். பழைய உரையாசிரியர் ஒருவர் இதை இவ்வளவு துல்லியமாகப் பிடித்திருப்பது எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது.

ஆனால் இதே தம்மபத உரையில் முடி பறிக்கும் காட்சியே கிடையாது. அதில் அவள் பரிவிராசிகைகள் எனப்படும் அலைந்து திரியும் பெண் துறவியரிடம் போய்ச் சேர்கிறாள். அவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் துறவின் உச்சம் எது என்று கேட்கிறாள். தியானப் பயிற்சி, அல்லது ஆயிரம் வாதங்களை மனப்பாடம் செய்வது என்கிறார்கள். அவள் வாதங்களைக் கற்கிறாள். கதை அப்படியே ஓடிவிடுகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் முடியின் வேலை புரிகிறது. ஓர் உரை அவள் மனத்தில் ஓடியதை வாக்கியமாகச் சொல்கிறது, அதற்கு முடி தேவைப்படவில்லை. இன்னோர் உரை மனத்தை மூடி வைக்கிறது. அவள் "மிக உயர்ந்தது" கேட்கிறாள், முடியைக் கொடுக்கிறாள். கொலை செய்துவிட்டு வந்த ஒருத்தி, இருப்பதிலேயே கடினமானதைத் தா என்று கேட்பதற்கு என்ன பொருள் என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது. அது தண்டனையா, தப்பித்தலா, திரும்பிப் போகும் வழியைத் தானே அடைத்துக்கொள்வதா? உரை சொல்லவில்லை. சிறுகதையாகப் பார்த்தால் எனக்கு இரண்டாவது வடிவமே பிடிக்கிறது. அவள் எண்ணத்தையும் சொல்லி முடியையும் பறித்திருந்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்திருக்கும்.

பறித்தல் என்றால் என்ன

இங்கே நடப்பது வெட்டுவதோ மழிப்பதோ இல்லை. சமணத் துறவியர் முடியை வேரோடு பிடுங்குவார்கள். கேசலோசம் என்பது அதன் பெயர், இன்றும் நடக்கிறது. கத்தரி, கத்தி எதுவும் கிடையாது. விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தடவிக்கொள்வார்கள். சிறு சிறு கற்றையாகப் பிடித்து இழுப்பார்கள். மகாவீரர் ஐந்து பிடியில் முழுவதையும் பிடுங்கினார் என்பது மரபு. ஒருமுறையோடு முடிவதும் இல்லை. முடி வளர வளரச் சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் செய்ய வேண்டும். உடல்மேல் பற்றில்லை என்பதையும், வலியைத் தாங்க முடிகிறது என்பதையும் அவ்வப்போது நிரூபித்துக்கொண்டே இருக்கும் ஏற்பாடு அது.

பாலி நூல்களிலேயே கருவி மாறுகிறது. தம்மபாலர் உரையில் பனைச் சீப்பு. அபதானம் என்ற நூலில் பத்தாவே தன் கதையைச் செய்யுளாகச் சொல்கிறாள். வெள்ளாடைத் துறவியர் இடுக்கியால் தன் முடி முழுவதையும் பிடுங்கியதாக அதில் வருகிறது. முதல்முறை செய்துகொள்பவளின் தலையில், செல்வர் வீட்டில் எண்ணெய் ஏறி அடர்ந்து வளர்ந்திருக்கக்கூடிய கூந்தலில், இது எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கத்தரிக்கோல் ஓர் ஒலியில் முடிக்கும் வேலையை இது மணிக்கணக்கில் இழுக்கும். கோபத்தில் முடியை வெட்டலாம். கோபத்தில் இப்படிப் பறித்துக்கொள்ள உட்கார முடியாது. நடுவில் எழுந்து போய்விட நூறு வாய்ப்பு வரும். அவள் எழுந்து போகவில்லை என்பதை உரை சொல்லாமலே சொல்லிவிடுகிறது.

அடுத்து, முடி மறுபடி வளர்ந்தது என்கிறார்கள். அது நடக்கக்கூடியதுதான். முடியைப் பிடுங்கினால் பொதுவாக வேர்ப்பை தோலுக்குள்ளேயே இருக்கும், அதிலிருந்து புது முடி முளைக்கும். வெட்டிய முடியைவிடத் தாமதமாகும், அவ்வளவுதான். முளைத்த பிறகு தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். சுருள்வது வேறு விஷயம். முடி நேராக வருவதும் சுருண்டு வருவதும் வேர்ப்பையின் வடிவத்தைப் பொறுத்தது. புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றி முடி கொட்டியவர்களுக்கு, நேர்முடி இருந்த தலையில் சுருள்முடி முளைப்பதை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். பிடுங்கினால் அப்படி ஆகும் என்று சொல்லிவிட முடியாது. உரையாசிரியருக்கு ஒரு பெயர்க் காரணம் தேவைப்பட்டது, இதைத் தந்திருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் கதைக்குள் இந்தக் காரணம் ஒரு பெரிய விரிசலைத் திறக்கிறது. சமணத் துறவி என்றால் சில மாதத்தில் மறுபடி பறித்திருக்க வேண்டும். வளையம் கண்ணுக்குத் தெரிய மூன்று நான்கு சென்டிமீட்டராவது முடி வேண்டும். அதைப் பார்த்து ஊர் ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயர் நிலைக்க வேண்டும் என்றால், முடி சில காலம் அங்கேயே இருந்திருக்கிறது. உரை அடுத்த வரியில், அவர்களிடம் கற்பதற்கு மேற்கொண்டு ஒன்றும் இல்லை என்று அவள் கிளம்பிவிட்டதாகச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், முடி வளர்ந்ததும் அவள் அந்த மடத்தைவிட்டு விலகியதும் ஒன்றாக நடந்திருக்கிறது. மிக உயர்ந்ததைக் கேட்டு வாங்கியவளுக்கு அது போதவில்லை. அவள் பெயர் இழந்த முடியால் வரவில்லை, திரும்பி வந்த முடியால் வந்தது.

நாவல் கிளையும் ஒரு கேள்வியும்

அதன் பிறகு அவள் ஊர் ஊராகப் போய் வாதம் செய்கிறாள். ஊர் வாசலில் மணலைக் குவித்து அதில் ஒரு நாவல் கிளையை நட்டுவைப்பாள். வாதத்துக்கு வர விரும்புகிறவர் அதை மிதிக்கலாம் என்று அங்கே விளையாடும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போவாள். ஏழு நாள் யாரும் மிதிக்காவிட்டால் கிளையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர். சாவத்தி நகரில் புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் பிள்ளைகளைவிட்டு மிதிக்கச் சொல்கிறார். அவள் கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொல்கிறார். பிறகு அவர் கேட்கிறார்: "ஒன்று என்பது எது?" அவளிடம் பதில் இல்லை. எல்லா உயிரும் உணவால் நிலைபெறுகின்றன என்பது, புதிதாகச் சேரும் சிறுவர்களுக்குக்கூடப் பௌத்தத்தில் முதல் பாடமாகச் சொல்லித்தரும் விடை. ஆயிரம் வாதம் தெரிந்தவள் அங்கே நின்றுவிடுகிறாள். புத்தரிடம் போய்ச் சேருகிறாள். விரைந்து உணரும் பிக்குணிகளில் முதன்மையானவள் என்று புத்தர் அவளைச் சொன்னதாக, அவர் உரைகளின் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது.

பௌத்தத் துறவிலும் தலையில் முடி இருக்காது. ஆனால் விதி வேறு. துறவியர் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூல் சொல்லும் அளவு இரண்டு மாதம் அல்லது இரண்டு விரல் அகலம். அதற்குமேல் முடியை விடக்கூடாது. கத்தியால் மழித்தால் போதும், பிடுங்க வேண்டியதில்லை. ஆகவே "சுருள்முடிக்காரி" என்று அழைக்கப்பட்டவள் மிஞ்சிய வாழ்நாள் முழுவதும் மொட்டைத் தலையோடுதான் இருந்தாள். பெயரை மாற்றிக்கொள்ளவும் இல்லை, மாற்றச் சொன்னதாகவும் இல்லை.

தமிழில் மாறியது

நீலகேசி உரைவழி நமக்குத் தெரியும் தமிழ்க் கதையில் கணவன் பெயர் காளன். பெரிய மாற்றம் அவன் காரணத்தில். நகைக்கு ஆசைப்பட்டு அவன் கொல்லத் துணியவில்லை. ஊடல் ஒன்றில் அவள் விளையாட்டாக, நீ கள்வன்தானே என்று சொல்லிவிடுகிறாள். அந்தச் சொல் அவனுக்குள் தங்கிவிடுகிறது. மலைக்கு அழைத்துப் போகிறான். சாகுமுன் உங்களை மூன்றுமுறை வலம் வந்து வணங்கிக்கொள்கிறேன் என்று கேட்டு, வலம் வரும்போது தள்ளிவிடுகிறாள்.

இந்த மாற்றத்தால் கதை வேறாகிவிடுகிறது. பாலிக் கதையில் அவன் கடைசிவரை திருடன், அவள் ஏமாந்தவள். தமிழ்க் கதையில் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வீடு இருந்திருக்கிறது, சிரிப்பு இருந்திருக்கிறது, ஒரு தவறான சொல்லும் இருந்திருக்கிறது. அதன் பிறகு அவள் துறவுக்குப் போவதில் தன் நாக்கைப் பற்றிய நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. அந்த நாக்கைக் கொண்டே அவள் வாதம் செய்யக் கிளம்புகிறாள் என்பது எனக்கு மிகவும் வலிக்கும் இடம். நாதகுத்தனார் இதை எப்படிப் பாடினாரோ, அந்தப் பகுதி நம்மிடம் இல்லை. மிஞ்சியவற்றில் சில நிலையாமை பற்றியவை. ஒரு பாடல், அழகிய தோள் என்றும் மணிநிற முடி என்றும் புகழ்ந்து வளர்க்கும் காமத்தை அனுபவித்துத் தீர்த்துவிடலாம் என்பது, நெருப்பை நெய் ஊற்றி அணைக்கப் பார்ப்பதுதான் என்கிறது.

அவளே சொன்னது

உரைகள் எல்லாம் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்டவை. அவற்றைவிட மிகப் பழையது தேரிகாதை. அதில் பத்தா பெயரில் 107 முதல் 111 வரை ஐந்து பாடல்கள் உள்ளன. முதன்முறை படித்தபோது நான் திகைத்துப்போனேன். காரணம், அங்கே கணவனே இல்லை. திருடன் இல்லை, நகை இல்லை, மலையிலிருந்து தள்ளியது இல்லை. நாவல் கிளையும் சாரிபுத்தரும்கூட இல்லை.

இருப்பது இதுதான்: முன்பு முடி களைந்த தலையோடு, அழுக்குப் படிந்த உடலோடு, ஒற்றை ஆடையில் திரிந்தேன், குற்றமில்லாததில் குற்றம் கண்டேன், குற்றமுள்ளதில் குற்றம் காணவில்லை. பகல் ஓய்விலிருந்து எழுந்து வந்தபோது, கிச்சகூட மலையில் புத்தரைக் கண்டேன். மண்டியிட்டு வணங்கினேன். "வா, பத்தா" என்றார். அதுவே என் துறவேற்பு.

தன் பழைய வாழ்க்கையிலிருந்து அவள் முதலில் எடுத்து வைப்பது முடி களைந்த தலையை. அதையும் பெருமையாகச் சொல்லவில்லை. தவறான இடத்தில் தேடிய காலத்தின் அடையாளமாகச் சொல்கிறாள். பின்னால் வந்த உரையாசிரியர்களிடம் இந்த ஒரு வரி இருந்தது, ஒரு பெயரும் இருந்தது. இந்தத் தலையில் ஏன் முடி இல்லை, அப்படியானால் ஏன் இந்தப் பெயர் என்று கேட்டுக் கேட்டு மலை, திருடன், நகை எல்லாவற்றையும் அவர்கள் பின்னோக்கிக் கட்டியிருக்கலாம் என்று நினைக்கிறேன். அல்லது வாய்மொழியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு கதையை இங்கே ஒட்டவைத்திருக்கலாம். எப்படியானாலும், எல்லா வடிவங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, கதைக்குள் முடி வந்ததாகத் தெரியவில்லை. முடியைச் சுற்றிக் கதை வந்ததாகவே தெரிகிறது.

இடம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிச்சகூடம் இராசகிருகத்தைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஒன்று. உரையில் வரும் திருடர் பாறையும் அதே நகரத்தைச் சேர்ந்தது. சாவத்தியில் சாரிபுத்தரைச் சந்தித்ததாக உரை சொல்வதை விட்டுவிட்டுப் பாடலை மட்டும் பின்பற்றினால், வீடு வேண்டாம் என்று போனவள், பெற்றோர் இருந்த ஊரின் மலைக்கே திரும்பி வந்து அங்கேதான் துறவேற்றாள் என்றாகிறது. வீட்டாரைப் பார்த்தாளா என்பதைப் பாடலும் சொல்லவில்லை, உரையும் சொல்லவில்லை.

கடைசி இரண்டு பாடல்களில் அவள் கணக்கு ஒப்பிக்கிறாள். அங்கம், மகதம், வச்சி, காசி, கோசலம் என ஐந்து நாடுகளிலும் நடந்தேன். 50 ஆண்டுகள் மக்கள் இட்ட உணவைக் கடன்படாமல் உண்டேன் என்கிறாள். பத்தாவுக்கு ஓர் ஆடை கொடுத்த அந்த இல்லறத்தான் அறிவுள்ளவன், அவனுக்கு மிகுந்த புண்ணியம் சேர்ந்தது என்று, பெயர் சொல்லாமல் ஒருவரை வாழ்த்தி முடிக்கிறாள்.